தங்க ஈடிஎஃப் வாங்கலாமா, தங்கக் காசு வாங்கலாமா: நாற்பது கிராமுக்கு ஒரு கணக்கு

பத்து வயது மகள் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கையில் நான்கேகால் லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. அவளுடைய திருமணத்துக்கோ மேற்படிப்புக்கோ உதவும் என்று அதைத் தங்கமாக மாற்றி வைக்க நினைக்கிறார்கள். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் என்று முதல் நாளிலேயே ஒரு பெரும்பகுதி கரைந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அரசு வெளியிட்டுவந்த தங்கப் பத்திரத்தின் புதிய வெளியீடுகள் 2024 பிப்ரவரியோடு நின்றுவிட்டன. எனவே மீதமிருப்பவை இரண்டு வழிகள்: 24 கேரட் தங்கக் காசாக வாங்கிப் பெட்டியில் வைப்பது, அல்லது நம் பணத்தைத் தங்கக் கட்டிகளாக மாற்றி வைக்கும் ஃபண்டான தங்க ஈடிஎஃப்பின் பங்குகளை, அதாவது யூனிட்டுகளை, பங்குச் சந்தையில் வாங்கி, மின்னணு வடிவில் அவற்றைக் காக்கும் டீமேட் கணக்கில் வைப்பது. இரண்டிலும் அடியில் இருப்பது ஒரே உலோகம்தான். ஆனால் செலவு எப்போது நம் கையைவிட்டுப் போகிறது என்பதில் இரண்டும் முற்றிலும் வேறானவை. முடிவு பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது என்பது என் கணிப்பு.

கணக்கு எளிதாக இருக்க, 24 கேரட் தங்கம் ஜிஎஸ்டி சேர்க்காமல் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உண்மையான விலை வேறாக இருந்தாலும் கீழே வரும் விகிதங்கள் பெரும்பாலும் மாறாது. இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊர்க் கடைகளில் பலகையில் எழுதி வைக்கும் பவுன் விலை 22 கேரட்டுக்கு உரியது; ஈடிஎஃப்பின் விலையோ 24 கேரட் தங்கத்தைச் சார்ந்தது. இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டு, "ஈடிஎஃப்பில் கிராம் விலை அதிகமாக இருக்கிறதே" என்று குழம்புகிறவர்கள் பலர். ஒப்பிடும்போது இரு பக்கமும் 24 கேரட்டாகவே இருக்கட்டும்.

காசு வாங்கும் நாளில் நடப்பது

பத்து கிராம் காசுகள் நான்கு வாங்குகிறோம். தங்கத்தின் மதிப்பு 4,00,000 ரூபாய். காசு அடித்து, உறையிலிட்டு, சான்றிதழோடு தருவதற்கு விற்பனையாளர் ஒரு கூலி சேர்க்கிறார். இது இடத்துக்கு இடம், எடைக்கு எடை மாறும். பத்து கிராம் காசுக்கு 3 சதவீதம் என்று கொண்டால் 12,000 ரூபாய். இந்த மொத்தத்தின் மீது 3 சதவீத ஜிஎஸ்டி 12,360 ரூபாய். ஆக நாம் கொடுப்பது 4,24,360 ரூபாய், நமக்குக் கிடைப்பது நாற்பது கிராம் தங்கம். மறுநாளே அதே விலையில் விற்கப் போனால் கூலியும் வரியும் திரும்பக் கிடைக்காது. அதற்கு மேல் வாங்குகிறவர் தன் பங்குக்கு 2 சதவீதம் கழிப்பார் என்று கொண்டால், கைக்கு வருவது 3,92,000 ரூபாய். போட்ட பணத்தில் ஏறத்தாழ 7.6 சதவீதம் போய்விட்டது.

எடை குறையக் குறைய இந்த இழப்பு கூடும். ஒரு கிராம் காசை அடிக்கவும் உறையிடவும் ஆகும் வேலை, பத்து கிராம் காசுக்கு ஆவதைவிடப் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. எனவே கிராமுக்கு விழும் கூலி அதிகம். கூலி 8 சதவீதமாக இருந்தால் அதே நாற்பது கிராமுக்கு 4,44,960 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும். மாதம் ஒரு கிராம் என்று சிறுகச் சிறுகக் காசு சேர்ப்பது பழக்கத்துக்கு நல்லதாக இருக்கலாம், கணக்குக்கு நல்லதல்ல.

விற்கும் மேசையில் நடப்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தேன். உறவினர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வங்கியில் வாங்கிய எட்டு கிராம் காசை விற்க உடன் சென்றிருந்தேன். முதலில் விற்ற வங்கியிடமே கேட்டார். தாம் விற்ற காசைத் திரும்ப வாங்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லை என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பிறகு ஒரு நகைக் கடை. கடைக்காரர் பிளாஸ்டிக் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறையைக் கிழிக்காமல் சோதிக்க முடியாது என்றார். கிழித்து, உரைகல்லில் தேய்த்து, கேரட் மீட்டரில் வைத்தார். தரத்தில் குறையில்லை. ஆனாலும், "பணமா வேணும்னா மூணு பர்சன்ட் கழிச்சுக்குவோம், நகை எடுத்தா கழிக்க மாட்டோம்" என்றார். பணமாகவும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் தர மாட்டார்கள்; மீதி வங்கிக் கணக்கில்தான் வரும். ஒரே நாளில் ஒருவருக்கு அதற்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வணிகர் அந்தச் செலவைத் தன் வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ள முடியாது என்பதே காரணம். கிழித்த உறையோடு காசைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகும் தெம்பு பெரும்பாலானோருக்கு இருப்பதில்லை. கழிவு பற்றிய பேச்சை உறை கிழிவதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

ஈடிஎஃப்பில் செலவு ஒளிந்திருக்கும் இடம்

அதே 4,24,360 ரூபாயை ஈடிஎஃப்பில் போட்டால் வாங்கும்போது ஜிஎஸ்டி இல்லை. யூனிட்டின் விலையிலும் அந்த 3 சதவீதம் இருப்பதில்லை. தரகும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான சிறு இடைவெளியும் சேர்த்து 0.1 சதவீதம் என்று கொள்வோம். அப்படியானால் நம் பெயரில் சேர்வது சுமார் 42.4 கிராம் தங்கத்துக்கு ஈடான யூனிட்டுகள். முதல் நாளிலேயே காசு வாங்கியவரைவிட இரண்டு கிராமுக்கு மேல் முன்னால் நிற்கிறோம். இறக்குமதி வரியிலிருந்து மட்டும் இருவருக்குமே தப்பில்லை; உள்நாட்டுத் தங்க விலைக்குள் அது அடங்கியிருக்கிறது. 2024 ஜூலை 23 அன்று நிதிநிலை அறிக்கையில் அந்த வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, கடைப் பலகையில் இருந்த விலை சரிந்ததைப் போலவே ஈடிஎஃப்பின் விலையும் சரிந்தது.

இந்த முன்னிலை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ஃபண்ட் நிறுவனம் தன் நிர்வாகம், தங்கத்தைப் பாதுகாக்கும் கட்டணம், காப்பீடு ஆகியவற்றுக்காக ஒரு செலவு விகிதத்தை எடுத்துக்கொள்கிறது. அதற்காக நமக்குத் தனி ரசீது வருவதில்லை. ஃபண்டின் சொத்திலிருந்து நாள்தோறும் சிறு துளியாக அது கழிக்கப்படுகிறது. தங்கம் வட்டி ஈட்டாத சொத்து. ஆகவே அந்தத் துளி எங்கிருந்தோ வர வேண்டுமென்றால், இருக்கும் தங்கத்திலிருந்துதான் வர வேண்டும். அதாவது ஒரு யூனிட்டுக்குப் பின்னால் இருக்கும் தங்கத்தின் எடை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது.

இந்தியாவின் முதல் தங்க ஈடிஎஃப்பான கோல்டு பீஸ் 2007 மார்ச்சில் வந்தபோது ஒரு யூனிட் ஏறத்தாழ ஒரு கிராமாக இருந்தது. 2019 டிசம்பரில் ஒவ்வொரு யூனிட்டும் நூறாகப் பிரிக்கப்பட்டது. அதனால் பலரும் இன்றைக்கும் ஒரு யூனிட் என்றால் 0.01 கிராம் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் ஆண்டுக்கு 1 சதவீதச் செலவு என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: பதினெட்டு ஆண்டுகளில் ஒரு கிராம் 0.83 கிராமாகிவிடும். தொடக்கத்தில் வாங்கியவருக்கு நஷ்டம் என்று பொருளில்லை. தங்கத்தின் விலை பல மடங்கு ஏறிவிட்டது. ஆனால் எடையில் ஆறில் ஒரு பங்கு கரைந்ததை அவர் கவனித்திருக்க வாய்ப்பில்லை, ஏனெனில் அவருடைய டீமேட் அறிக்கையில் யூனிட்டுகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும்.

இப்போது இரண்டையும் எதிரெதிரே வைக்கலாம். செலவு விகிதம் 0.6 சதவீதம் என்று கொண்டால், 42.4 கிராம் கரைந்து, காசு விற்பவருக்குக் கைக்கு வரும் 39.2 கிராம் மதிப்புக்குச் சமமாக வருவதற்குச் சுமார் பதின்மூன்று ஆண்டுகள் ஆகும். 0.8 சதவீதமாக இருந்தால் பத்து ஆண்டுகளுக்குச் சற்று முன்பே அந்த நிலை வந்துவிடும். 0.4 சதவீதமாக இருந்தால் பத்தொன்பது ஆண்டுகள் தாண்டும். காசைப் பொறுத்தவரை செலவு முழுவதும் வாசலிலும் வெளியேறும் கதவிலும் வசூலாகிவிடுகிறது, இடையில் எத்தனை ஆண்டுகள் வைத்திருந்தாலும் கிராம் குறைவதில்லை. ஈடிஎஃப்பிலோ வாசலில் ஒன்றுமில்லை, உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. பத்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்துக்கு ஈடிஎஃப் தெளிவாக மலிவு. இருபது, முப்பது ஆண்டுகள் தொடப்போவதில்லை என்றால், பாதுகாப்புச் செலவைத் தனியே பார்த்துவிட்டு, காசு மலிவாக முடிய வாய்ப்புண்டு. "ஈடிஎஃப் எப்போதும் மலிவு" என்று எழுதுகிறவர்கள் இந்தக் கால அளவைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ட்ராக்கிங் எர்ரர் சொல்வதும் சொல்லாததும்

ஈடிஎஃப்களை ஒப்பிடும்போது எல்லோரும் தேடுவது ட்ராக்கிங் எர்ரர் என்ற எண்ணை. அந்த எண் குறைவாக இருந்தால் ஃபண்ட் தங்கத்தின் விலையை நன்றாகப் பின்தொடர்கிறது என்று பொருள் கொள்கிறார்கள். இது பாதி உண்மை. ட்ராக்கிங் எர்ரர் என்பது, ஃபண்டின் தினசரி வருமானத்துக்கும் தங்கத்தின் தினசரி வருமானத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை அளக்கும் எண். வித்தியாசம் எவ்வளவு என்பதை அது அளப்பதில்லை. வித்தியாசத்தின் தள்ளாட்டத்தைத்தான் அளக்கிறது.

ஓர் ஆண்டில் தங்கம் 12 சதவீதம் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஃபண்ட் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு பின்தங்கி, ஆண்டு முடிவில் 11.2 சதவீதம் தந்தது. வித்தியாசத்தில் ஏற்ற இறக்கமே இல்லாததால் அதன் ட்ராக்கிங் எர்ரர் பூஜ்யத்துக்கு அருகில் நிற்கும். இரண்டாவது ஃபண்டில் திடீர் திடீரென்று பணம் வந்து சேர்ந்ததால், தங்கமாக மாற்றும் வரை அது சில நாள் ரொக்கமாக இருந்தது. அந்நாட்களில் தங்கம் ஏறினால் ஃபண்ட் பின்தங்கியது, இறங்கினால் முந்தியது. ஆண்டு முடிவில் அது 11.6 சதவீதம் தந்தது. தள்ளாட்டம் அதிகம் என்பதால் ட்ராக்கிங் எர்ரர் அதிகமாகக் காட்டும். ஆனால் கையில் அதிகம் கொடுத்தது அதுதான். பத்து ஆண்டுகள் வைத்திருக்கப் போகிற குடும்பத்துக்கு வேண்டியது இந்த இடைவெளியின் அளவு. அதற்கு ட்ராக்கிங் டிஃபரன்ஸ் என்று பெயர். ஃபண்ட் நிறுவனங்கள் இதையும் தங்கள் இணையதளங்களில் வெளியிடுகின்றன. ஓராண்டுக்கும், மூன்று, ஐந்து ஆண்டுகளுக்கும் பார்க்கலாம். அது செலவு விகிதத்தை ஒட்டியே இருந்தால் ஃபண்ட் ஒழுங்காக நடக்கிறது. செலவு விகிதத்தைவிடத் தொடர்ந்து அதிகமாக இருந்தால், ரொக்கம் தேங்குவது, தங்கம் வாங்கும்போது கூடுதல் விலை கொடுப்பது போன்ற வேறு கசிவுகள் இருக்கின்றன என்று அறியலாம்.

அந்த அறிக்கைகளை நம்பாமல் நாமே பார்க்கவும் ஒரு வழி உண்டு. ஒரு யூனிட்டின் மதிப்பு என்று ஃபண்ட் நாள்தோறும் அறிவிக்கும் எண்ணுக்கு என்ஏவி என்று பெயர். ஒரு நாளின் என்ஏவியை, அதே நாளின் ஜிஎஸ்டி இல்லாத 24 கேரட் கிராம் விலையால் வகுத்தால், ஒரு யூனிட்டின் எடை கிடைத்துவிடும். உதாரணமாக, ஐந்து ஆண்டுகளுக்கு முன் கிராம் 5,000 ரூபாயாகவும் என்ஏவி 44 ரூபாயாகவும் இருந்தால் எடை 0.0088 கிராம். இன்று கிராம் 10,000, என்ஏவி 85.40 என்றால் எடை 0.00854 கிராம். ஐந்து ஆண்டுகளில் 3 சதவீதம் குறைந்திருக்கிறது, ஆண்டுக்கு 0.6 சதவீதம். இதைச் செய்யும்போது இரண்டு நாட்களுக்கும் ஒரே வகையான விலையை எடுக்க வேண்டும். ஒரு நாளுக்குக் கடை விலையும் மற்றொரு நாளுக்குச் சந்தை விலையும் எடுத்தால் விடை பொய்யாகிவிடும்.

ஒரே நாளை வைத்து ஃபண்டைக் குறை சொல்வதும் கூடாது. பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த முறைப்படி, ஃபண்ட் வைத்திருக்கும் தங்கத்தின் மதிப்பு லண்டன் சந்தையின் காலை விலையை டாலரிலிருந்து ரூபாய்க்கு மாற்றி, இறக்குமதி வரியைச் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. லண்டனில் காலை பத்தரை என்றால் நமக்கு மாலை மூன்று அல்லது நான்கு மணி. நம் பங்குச் சந்தை மூன்றரைக்கு மூடிவிடும். அதனால் மூடும் விலைக்கும் என்ஏவிக்கும் இடையே சிறு வித்தியாசம் வருவது இயல்பு. மறுநாளே அது நேராகிவிடும்.

தங்கக் காசுக்கு ட்ராக்கிங் எர்ரர் இல்லை என்று சொல்வதுண்டு. கிராமில் பார்த்தால் அது உண்மை. ரூபாயில் பார்த்தால், அந்த நாளின் விலைக்கும் கடைக்காரர் தரும் விலைக்கும் இடையே உள்ள 2 அல்லது 3 சதவீதமே காசின் ட்ராக்கிங் டிஃபரன்ஸ். அது ஒரே நாளில், விற்கும் மேசையில், மொத்தமாக வெளிப்படுகிறது.

என்ஏவிக்கு மேல் கொடுத்து வாங்குவது

ஃபண்ட் எவ்வளவு துல்லியமாக நடந்தாலும், நாம் வாங்குவது ஃபண்டிடமிருந்து அல்ல. சந்தையில் விற்க வந்திருக்கும் இன்னொருவரிடமிருந்து. ஃபண்டிடம் நேரடியாகப் போய்த் தங்கத்தைக் கொடுத்து யூனிட் வாங்கவோ, யூனிட்டைக் கொடுத்துத் தங்கம் பெறவோ மிகப் பெரிய அளவில் வர வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பெரிய வியாபாரிகள் இருப்பதால்தான் சந்தை விலை என்ஏவியை விட்டு வெகுதூரம் போவதில்லை. தங்கம் கிடைப்பது அரிதாகும்போதோ, வாங்குகிறவர்கள் ஒரே நேரத்தில் மொய்க்கும்போதோ அந்தக் கயிறு தளர்ந்துவிடும். 2025 அக்டோபரில் தீபாவளியை ஒட்டி வெள்ளி ஈடிஎஃப்களில் இதுதான் நடந்தது. வெள்ளிக் கட்டிக்குத் தட்டுப்பாடு வந்து, யூனிட்டுகள் உண்மையான மதிப்புக்கு மேல் பெரிய கூடுதல் விலையில் கைமாற, சில ஃபண்ட் நிறுவனங்கள் வெள்ளி ஈடிஎஃப்பில் பணத்தைப் போடும் தங்கள் ஃபண்ட் ஆஃப் ஃபண்ட் திட்டங்களில் புதிய மொத்த முதலீட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தன.

இதிலிருந்து தப்ப இரண்டு பழக்கங்கள் போதும். ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் சந்தை நேரம் முழுவதும், யூனிட்டின் அப்போதைய மதிப்பைக் காட்டும் ஐ-என்ஏவி என்ற மதிப்பீடு ஓடிக்கொண்டிருக்கும். வாங்கும் விலையை அதோடு ஒப்பிட வேண்டும், நேற்றைய என்ஏவியோடு அல்ல. இரண்டாவதாக, கிடைக்கிற விலைக்கு வாங்கிவிடும் மார்க்கெட் ஆர்டர் போடாமல், இதற்கு மேல் தர மாட்டேன் என்று ஐ-என்ஏவிக்கு அருகில் விலையைக் குறிக்கும் லிமிட் ஆர்டர் போட வேண்டும். அட்சய திருதியை, தந்தேரஸ் போன்ற நாட்களில் காலை ஒன்பதே காலுக்கு, சந்தை திறந்த கையோடு மார்க்கெட் ஆர்டர் போடுகிறவர், காசுக் கடையில் தவிர்த்த கூலியை இங்கே தெரியாமல் கட்டிவிடக்கூடும். வர்த்தகம் மெலிதாக நடக்கும் சிறிய ஈடிஎஃப்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். செலவு விகிதம் 0.2 சதவீதம் குறைவு என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்து, வாங்கும்போது அரை சதவீதமும் விற்கும்போது அரை சதவீதமும் இழப்பது கெட்டிக்காரத்தனம் ஆகாது.

எங்கே வைப்பது

காசை வீட்டில் வைத்தால் செலவில்லை, தூக்கமும் இல்லை. வங்கி லாக்கர் எடுத்தால், சிறிய லாக்கருக்கு ஆண்டு வாடகை 2,000 ரூபாய் என்றும் அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி என்றும் கொண்டு 2,360 ரூபாய். நான்கு லட்ச ரூபாய் தங்கத்துக்கு அது 0.59 சதவீதம், அதாவது ஈடிஎஃப்பின் செலவு விகிதத்தை நாம் நேராகவே வங்கிக்குக் கட்டுகிறோம். இந்தக் காசுக்காக மட்டுமே லாக்கர் எடுப்பதாக இருந்தால், மேலே சொன்ன பதின்மூன்று ஆண்டுக் கணக்கு அடிபட்டுப் போகும்; ஈடிஎஃப்பைக் காசு எட்டிப் பிடிப்பது வெகுவாகத் தள்ளிப்போய்விடும். வாடகை ரூபாயில் நிலையாக இருந்து தங்கத்தின் விலை மட்டும் ஏறினால் அந்தச் சுமை விகிதத்தில் குறையும் என்பது உண்மை. ஆனால் வாடகையும் ஏறக்கூடியதே. வீட்டு நகைகளுக்காக ஏற்கெனவே லாக்கர் வைத்திருப்பவர்களுக்கு நான்கு காசுகளால் கூடுதல் செலவு எதுவுமில்லை. இந்த ஒரு வித்தியாசமே பல குடும்பங்களில் முடிவைத் திருப்பிப் போட்டுவிடும்.

லாக்கரில் வைத்தால் வங்கி பொறுப்பேற்கும் என்ற நம்பிக்கைக்கு வரம்பு உண்டு. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை மட்டுமே. 2,000 ரூபாய் வாடகைக்கு அது இரண்டு லட்சம். உள்ளே இருப்பது நான்கு லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அந்தப் பொறுப்பும் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது என்பதால் அது காப்பீடும் செய்வதில்லை.

காசுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் இருக்கிறது. வருமான வரிச் சோதனையில் திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை பறிமுதல் செய்வதில்லை என்று நேரடி வரிகள் வாரியம் 1994-ல் அறிவுறுத்தியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த அறிவுறுத்தல் பேசுவது நகைகளையும் அணிகலன்களையும் பற்றி. காசும் கட்டியும் அதில் வரா. எனவே காசு வாங்கிய ரசீதைத் தொலைக்கக் கூடாது. லாக்கரிலேயே அதை வைத்துவிட்டு ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

ஈடிஎஃப்பின் தங்கம் பாதுகாவலர் நிறுவனத்தின் பெட்டகத்தில், 99.5 சதவீதமோ அதற்கு மேலோ தூய்மையுள்ள கட்டிகளாக இருக்கிறது. ஃபண்டின் தணிக்கையாளர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை அதை நேரில் சரிபார்க்க வேண்டும் என்பது செபியின் விதி. நமக்கு நேரடியாக ஆகும் பாதுகாப்புச் செலவு டீமேட் கணக்கின் ஆண்டுக் கட்டணம் மட்டுமே. சிறு முதலீட்டாளர்களுக்கான அடிப்படை டீமேட் கணக்காக இருந்தால் நான்கு லட்சம் ரூபாய் மதிப்பு வரை அதுவும் இல்லை. நான்கிலிருந்து பத்து லட்சம் வரை ஆண்டுக்கு நூறு ரூபாயும் வரியும். பயப்பட வேண்டியது திருடனைப் பற்றி அல்ல, மறதியைப் பற்றி: கணக்கு இருப்பதே மனைவிக்குத் தெரியாது, நியமனதாரர் பெயர் பதியப்படவில்லை, பதிந்த கைபேசி எண் மாறிவிட்டது என்ற நிலையில் குடும்பத் தலைவர் இறந்துவிட்டால், அந்தத் தங்கத்தை வெளியே எடுக்கப் பல மாதங்கள் அலைய வேண்டியிருக்கும்.

கடைசியில் நகையாகத்தான் போகிறதென்றால்

இதுவரை பணமாக விற்பதை வைத்துக் கணக்குப் போட்டோம். மகளுக்கு நகை எடுப்பதே நோக்கம் என்றால் கணக்கு மாறும். நகைக்கு மாற்றினால் பல கடைகள் காசை அன்றைய விலைக்கே, கழிவின்றி எடுத்துக்கொள்கின்றன. அப்போது காசு வைத்திருப்பவரிடம் முழு நாற்பது கிராமின் மதிப்பும் இருக்கும். 0.6 சதவீதச் செலவில் பத்து ஆண்டுகள் கழித்து ஈடிஎஃப் வைத்திருப்பவரிடம் இருப்பது 39.9 கிராமின் மதிப்பு. கிட்டத்தட்டச் சமம். புதிய நகையின் முழு மதிப்புக்கும் இருவரும் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். காசு வாங்கும்போது கட்டிய வரி அதில் கழிக்கப்படுவதில்லை. ஆனால் காசுக்காரர் அந்தக் கடையின் கழிவற்ற மாற்று என்ற சொல்லை நம்பியிருக்கிறார். அந்தச் சலுகை சில இடங்களில் அதே கடையில் வாங்கிய காசுக்கு மட்டுமே. ஈடிஎஃப்பை விற்றவருக்குப் பணம் அடுத்த வர்த்தக நாளில் வரவாகிவிடும்; செய்கூலி, சேதாரம் குறைவாக உள்ள எந்தக் கடைக்கும் அவர் போகலாம். சேதாரத்தில் கடைக்குக் கடை உள்ள வித்தியாசம், நாம் இங்கே அரை சதவீதம், ஒரு சதவீதம் என்று எண்ணிக்கொண்டிருப்பதை ஒரே பேரத்தில் விழுங்கிவிடும்.

வரியில் வித்தியாசம் சிறிது. ஈடிஎஃப்பை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தாலும், காசை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தாலும் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், விலைவாசிக் குறியீட்டுச் சலுகை இல்லாமல். அதற்கு முன் விற்றால் அவரவர் வருமான வரி விகிதம். காசைக் கொடுத்து நகை எடுப்பதும் சட்டப்படி ஒரு விற்பனைதான். அதன் ஆதாயத்துக்கும் வரி உண்டு. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, வாடிக்கையாளரும் கேட்பதில்லை.

அந்தக் குடும்பம் என்னிடம் கேட்டிருந்தால், லாக்கர் இல்லாத நிலையில் முழுத் தொகையையும் நல்ல வர்த்தகம் உள்ள, ட்ராக்கிங் டிஃபரன்ஸ் 0.6 சதவீதத்தைத் தாண்டாத ஓர் ஈடிஎஃப்பில், மனைவியை நியமனதாரராகப் பதிந்து, நான்கைந்து தவணைகளாக லிமிட் ஆர்டரில் வாங்கச் சொல்லியிருப்பேன். லாக்கர் ஏற்கெனவே இருந்து, அவசரத்துக்கு அடகு வைக்கவும் உதவட்டும் என்று ஒரு பகுதியைக் கையில் தொடக்கூடிய தங்கமாக வைக்க விரும்பினால், ஒரே ஒரு பத்து கிராம் காசு, அதுவும் நகை எடுக்கப் போகிற கடையிலேயே, மாற்று நிபந்தனையை ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு.